ஆய்வுக்கூடத்தின் ஒரு பக்கம்: மேலோட்டமாகப் படிப்பவருக்காக மாற்றி எழுதிய அனுபவம்

## பின்னணி

இது ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தின் இணையதளத்தில் இருந்த ஒரே ஒரு பக்கத்தைப் பற்றிய பதிவு. இரத்தம் அல்லது சிறுநீர் சோதனைக்கு வருபவர் முந்தைய இரவிலிருந்து என்ன செய்ய வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்வதே அந்தப் பக்கத்தின் வேலை. முன்பதிவு செய்தவருக்குப் போகும் குறுஞ்செய்தியில் அதன் இணைப்பு இருந்தது. பெரும்பாலானோர் அதைத் தங்கள் கைப்பேசியில்தான் திறந்தார்கள்.

சிக்கல் முதலில் தென்பட்டது வரவேற்பு மேசையில். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய சர்க்கரைச் சோதனைக்கு ஒருவர் காலையில் தேநீர் குடித்துவிட்டு வருவார். வெறும் வயிறு தேவைப்படாத சோதனைக்கு இன்னொருவர் முந்தைய மாலையிலிருந்து எதுவும் உண்ணாமல், தண்ணீரும் குடிக்காமல், தலைசுற்றலோடு வந்து நிற்பார். உடலில் நீர் குறைந்திருந்தால் நரம்பைக் கண்டுபிடித்து ஊசி போடுவதும் கடினம். முதலாமவரை மறுநாள் வரச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாமவரின் துன்பம் தேவையே இல்லாதது.

பக்கத்தில் எல்லாத் தகவல்களும் இருந்தன. அவை சரியாகவும் இருந்தன. கூடத்தின் நோயியல் மருத்துவர் அதை வரி வரியாகச் சரிபார்த்திருந்தார். எனவே “யாரும் படிப்பதில்லை” என்ற முடிவுக்கு நிர்வாகம் வந்திருந்தது. முக்கியமான வரிகளைச் சிவப்பு எழுத்தில் பெரிதாக்கித் தர வேண்டும் என்ற கோரிக்கையோடு பக்கம் என்னிடம் வந்தது. எழுத்தைப் பெரிதாக்குவதற்கு முன், மக்கள் அதை எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று கேட்டேன். நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

## பழைய பக்கம்

பக்கம் ஒரு வரவேற்புரையோடு தொடங்கியது. துல்லியமான முடிவுகளுக்குச் சரியான தயாரிப்பு எவ்வளவு அவசியம், கூடம் தரத்தில் எவ்வளவு அக்கறை கொண்டது என்று இரண்டு நீண்ட பத்திகள். கைப்பேசியில் முதல் திரை முழுவதையும் அவையே நிரப்பின. அதன் பிறகு “எங்கள் அணுகுமுறை”, “சோதனைக்கு முன்”, “முக்கியக் குறிப்புகள்”, “மேலும் சில குறிப்புகள்” என்று நான்கு தலைப்புகள் வந்தன. இவற்றில் எதிலும் ஒரு சோதனையின் பெயர்கூட இல்லை. தன் சோதனைக்கு எந்தப் பகுதி பொருந்தும் என்று அறிய நான்கையும் முழுதாகப் படித்தாக வேண்டும்.

பத்திகளின் நடை இப்படி இருந்தது:

> இரத்தத்தில் உள்ள குளுக்கோஸின் அளவைக் கண்டறியும் பரிசோதனையை மேற்கொள்ள விரும்பும் நோயாளிகள், பரிசோதனைக்கு முன்பாகக் குறைந்தபட்சம் எட்டு மணி நேரம், தண்ணீரைத் தவிர, தேநீர், காபி உள்ளிட்ட எந்த ஓர் உணவையும் பானத்தையும் உட்கொள்வதைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இலக்கணப்படி இதில் பிழை எதுவும் இல்லை. நிதானமாகப் படித்தால் பொருளும் தெளிவு. ஆனால் செய்ய வேண்டியது என்ன என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் தெரிகிறது. அதுவரை ஒருவர் கண்ணில் படுவது நோயாளிகள், எட்டு மணி நேரம், தண்ணீர், தேநீர், காபி என்ற சொற்கள். அவற்றை உண்ணலாமா கூடாதா என்பது ஐந்தாவது வரியின் ஓரத்தில் இருந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. அந்த நான்கு தலைப்புகளும் உண்மையில் தலைப்புகளே அல்ல. யாரோ பத்தியைத் தடித்த எழுத்தாக மாற்றித் தலைப்புபோலத் தோன்ற வைத்திருந்தார்கள்.

## எப்படிப் படித்தார்கள்

இணையத்தில் மக்கள் சொல்லுக்குச் சொல் படிப்பதில்லை என்பது புதிய செய்தி அல்ல. ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் 1997இல் செய்த ஆய்வில், சோதனையில் கலந்துகொண்டவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே பார்த்தார்கள்; சொல்லுக்குச் சொல் படித்தவர்கள் 16 விழுக்காட்டினர்தான். ஆனால் இதைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. மேலோட்டமாகப் பார்ப்பவர் எதைப் பிடித்துக்கொள்கிறார், எங்கே நிற்கிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறும். அதை நேரில் பார்க்க வேண்டும்.

காத்திருப்பு அறையில் விருப்பம் தெரிவித்த சிலரிடம், மருத்துவர் எழுதித் தந்ததுபோன்ற ஒரு மாதிரிச் சீட்டைக் கொடுத்தோம். “நாளை காலை 8 மணிக்கு இந்தச் சோதனைக்கு வர வேண்டும். பக்கத்தைப் பார்த்துவிட்டு, இன்று இரவும் நாளை காலையும் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள்” என்று கேட்டோம். அவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே பார்த்தார்கள். பக்கம் நன்றாக இருக்கிறதா, புரிகிறதா என்று யாரிடமும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மரியாதைக்காக “புரிகிறது” என்றுதான் பதில் வரும். இரவில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு வரும் பதிலில்தான் எது மனத்தில் பதிந்தது என்று தெரியும்.

எல்லோரும் விரலால் வேகமாகக் கீழே தள்ளினார்கள். வரவேற்புரையில் ஒருவரும் நிற்கவில்லை. தங்கள் சீட்டில் உள்ள சொல் எங்காவது தென்படுகிறதா என்று தேடினார்கள். அது கண்ணில் பட்ட இடத்தில் நின்றார்கள். அங்கிருந்த ஒன்றிரண்டு வரிகளைக் கவனமாகவே படித்தார்கள். பிறகு பக்கத்தை மூடிவிட்டார்கள். “படிப்பதில்லை” என்ற நிர்வாகத்தின் முடிவு இந்த இடத்தில்தான் பிழையானது. அவர்கள் படித்தார்கள், தங்களுக்கு உரியது என்று நினைத்த துண்டை மட்டும்.

இதில் இரண்டு விதமான தவறுகள் நேர்ந்தன. முதலாவது, முதலில் கிடைத்த பொருத்தத்தோடு நின்றுவிடுவது. சீட்டில் `PPBS` என்று இருந்தவர், அதாவது உணவு உண்ட பின் எடுக்கும் சர்க்கரைச் சோதனைக்கு வருபவர், பக்கத்தில் முதலில் வந்த “குளுக்கோஸ்” என்ற சொல்லிலேயே நின்றார். அது வெறும் வயிற்றுச் சோதனையைப் பற்றிய பத்தி. இரவு முழுவதும் உண்ணாமல் வருவேன் என்று உறுதியாகச் சொன்னார். அவருக்கான பத்தி அதற்கு அடுத்ததாகவே இருந்தது.

இரண்டாவது, எதிர்மறை கண்ணுக்குத் தப்புவது. தமிழில் “கூடாது”, “வேண்டாம்”, “தவிர்க்க வேண்டும்” ஆகியவை வாக்கியத்தின் இறுதியில் வருகின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவரின் கண் வரிகளின் தொடக்கத்தில் தங்குகிறது. வலப்பக்கம் போகப் போகக் கவனம் மெலிகிறது. கைப்பேசித் திரையில் ஒரு வாக்கியம் ஐந்து வரிகளாக மடியும்போது, வினைமுற்று எந்த ஓரத்தில் விழும் என்பது நம் கையில் இல்லை. “தேநீர், காபி” என்ற சொற்களைப் பார்த்த ஒருவர், அவை குடிக்கத் தக்கவற்றின் பட்டியல் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்து அவருக்கு அப்படித்தான் காட்சியளித்தது.

## முதல் முடிவு: தலைப்பிலேயே விடை

எதை மாற்றினாலும் தலைப்புகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தோம். மக்கள் தேடுவது சோதனையின் பெயர். எனவே ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தலைப்பு. சீட்டில் அச்சாகியிருக்கும் சுருக்கப் பெயரும் தலைப்பில் இருக்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு அந்த எழுத்துகள் மட்டும்தான் தெரியும்.

தலைப்பின் முதல் வரைவு “சர்க்கரைச் சோதனை (வெறும் வயிறு)”, “சர்க்கரைச் சோதனை (உணவுக்குப் பின்)” என்று இருந்தது. இரண்டும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. வேறுபாடு அடைப்புக்குறிக்குள், கண் போகாத இடத்தில் இருக்கிறது. முதல் பொருத்தத்தில் நிற்பவரை இது மீண்டும் அதே குழியில் தள்ளும். எனவே வேறுபடுத்தும் சொல்லை முன்னால் கொண்டுவந்தோம்:

- வெறும் வயிற்றுச் சர்க்கரை (`FBS`): 8 மணி நேரம் தண்ணீர் மட்டும்
- உணவுக்குப் பின் சர்க்கரை (`PPBS`): உண்ணத் தொடங்கி 2 மணி நேரத்தில்
- மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (`HbA1c`): வழக்கம்போல் உண்டு வரலாம்

தலைப்பு சோதனையின் பெயரோடு நிற்கவில்லை. செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கும் தவறு நேராது. இதற்கு விலை உண்டு: தலைப்பு நீளமாகிறது, கைப்பேசியில் இரண்டு வரிகளாக மடிகிறது. தலைப்பு குறுகியதாக இருக்க வேண்டும் என்ற விதியை இங்கே ஓரளவு தளர்த்தினோம். “சர்க்கரை” என்ற ஒற்றைச் சொல் தலைப்பு குறுகியதுதான், ஆனால் அதனால் இந்த வாசகருக்குப் பயன் இல்லை.

எதிர்மறையைக் கையாளவும் இங்கேயே வழி கிடைத்தது. “எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது, தண்ணீரைத் தவிர” என்பதை “தண்ணீர் மட்டும்” என்று நேராகச் சொல்லிவிடலாம். தடையைச் சொல்லி விலக்கைச் சேர்ப்பதைவிட, அனுமதிக்கப்பட்ட ஒன்றைச் சொல்லி “மட்டும்” சேர்ப்பது சுருக்கமானது. அரைகுறையாகக் கண்ணில் பட்டாலும் பொருள் தலைகீழாகாது. எல்லா இடத்திலும் இது முடியாது. தடையைச் சொல்லியே ஆக வேண்டிய இடங்களில் “உண்ணாமல் வாருங்கள்” என்று எதிர்மறையை முதல் சொல்லிலேயே வைத்தோம்.

பின்னர் தலைப்புகளை உண்மையான தலைப்புகளாக மாற்றினோம். மாற்றம் சிறியதுதான்:

```html
<!-- முன்பு -->
<p><b>முக்கியக் குறிப்புகள்</b></p>

<!-- இப்போது -->
<h2>வெறும் வயிற்றுச் சர்க்கரை (FBS): 8 மணி நேரம் தண்ணீர் மட்டும்</h2>
```

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள்களில் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவும் வசதி இருக்கிறது. NVDAவில் அதற்கு `H` விசை. பார்வையுள்ளவர் விரலால் தள்ளிக்கொண்டு போவதுபோல, அவர்கள் தலைப்புகளைக் கேட்டுக்கொண்டே தாவுகிறார்கள். தடித்த பத்தியை அந்த மென்பொருள் தலைப்பாக அறியாது. பழைய பக்கத்தில் தாவுவதற்கு இடமே இல்லை. முதலிலிருந்து கடைசிவரை கேட்டே தீர வேண்டியிருந்தது. இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. பக்கம் எழுதப்பட்டதிலிருந்து அந்த வாசகர்கள் அதைப் பயன்படுத்த வழியே இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

## இரண்டாவது முடிவு: பத்திகள்

வரவேற்புரை முழுவதும் நீக்கப்பட்டது. அதில் வாசகர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. நிர்வாகத்தில் ஒருவர் தயங்கினார். தரம் பற்றிய வரிகள் நம்பிக்கை தரும் என்றார். அவற்றைக் கூடத்தைப் பற்றிய அறிமுகப் பக்கத்துக்கு நகர்த்தினோம். இரத்தம் கொடுக்க நாளைக் காலை வரப்போகிறவர் ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டவர். அவரை இனி நம்ப வைக்க வேண்டியதில்லை.

மீதமிருந்த பத்திகளை ஒரு பத்திக்கு ஒரு செய்தி என்று பிரித்தோம். பெரும்பாலான பத்திகள் இரண்டு அல்லது மூன்று வாக்கியங்களில் முடிந்தன. முதல் வாக்கியம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். அடுத்தது ஏன் என்று சொல்லும். காரணத்தை அறவே நீக்கிவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. நான் அதற்கு உடன்படவில்லை. “சர்க்கரை சேர்க்காத காபியும் வேண்டாம்” என்று மட்டும் எழுதினால், சர்க்கரைதான் இல்லையே என்று எண்ணிக் குடித்துவிடுவார்கள். “காபியில் உள்ள காஃபின் சர்க்கரை அளவைப் பாதிக்கலாம்” என்று ஒரு வரி சேர்ந்தால் அந்தத் தடைக்கு மதிப்பு வருகிறது.

“கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்”, “மேற்கொள்ள விரும்பும் நோயாளிகள்” போன்றவை போயின. வாசகரை நேராக “நீங்கள்” என்று அழைத்தோம். எண்கள் எல்லாம் இலக்கங்களாயின. “எட்டு மணி நேரம்” எழுத்துகளுக்குள் கரைந்துவிடுகிறது, “8 மணி நேரம்” கண்ணை நிறுத்துகிறது.

## மூன்றாவது முடிவு: பட்டியல்களும் அவற்றின் ஆபத்தும்

இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப்பட்டது இந்தப் பகுதிதான்.

பத்திகளைப் பட்டியலாக்குவது எளிது. பார்க்கவும் அழகாக இருக்கும். வெறும் வயிற்றுச் சோதனைக்கான முதல் பட்டியல் இப்படி அமைந்தது:

- சோதனைக்கு முன் 8 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடியுங்கள்
- புகைபிடிக்க வேண்டாம்
- வழக்கமான மருந்துகளை எடுத்துக்கொள்ளலாம்
- நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்கவும்

நான்கு வரிகள், தெளிவாக இருப்பதாகவே தோன்றியது. இந்த வரைவையும் முன்போலவே சிலருக்குக் காட்டினோம். நெடுங்காலமாக இன்சுலின் எடுத்துக்கொள்ளும் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இரவு சாப்பிட்டதும் சரி, அதன் பிறகு தண்ணீர்தான். காலையில் வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன்.”

வெறும் வயிற்றில் காலை நேர இன்சுலினைப் போட்டுக்கொண்டு, உண்ணாமல் பயணம் செய்து, வரிசையில் காத்திருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்து மயக்கம் வரலாம். அவர் மூன்றாவது வரியைப் பார்த்தார். அது அவருடைய கேள்விக்கு விடை தந்தது. நின்றுவிட்டார். நான்காவது வரியை அவர் அலட்சியம் செய்யவில்லை. அது தேவைப்படும் என்று எண்ண அவருக்குக் காரணமே இல்லை.

பழைய பக்கத்தில் இந்த இரண்டு செய்திகளும் ஒரே வாக்கியத்தில், “ஆனால்” என்ற சொல்லால் கட்டப்பட்டிருந்தன. பட்டியலாக்கியபோது அந்த “ஆனால்” உதிர்ந்துவிட்டது. பட்டியலில் உள்ள வரிகள் ஒவ்வொன்றும் தனித்து நிற்கின்றன, எல்லாமே சம எடை கொண்டவை என்று அந்த வடிவமே சொல்லாமல் சொல்கிறது. ஒரு வரி இன்னொரு வரியின் விதிவிலக்காக இருந்தால் அந்த உறவைக் காட்ட பட்டியலுக்கு வழி இல்லை.

சுருக்கமாக எழுதுவதால் ஆபத்து வரும் என்று நோயியல் மருத்துவர் தொடக்கத்திலிருந்தே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சோதனையின் முடிவை அவரிடம் காட்டினோம். “டாக்டர், நீங்கள் பயந்தது இதைத்தானே?” என்று கேட்டேன். “இதைத்தான். அந்த வரியை எடுத்துவிடுங்கள். பொதுவான அனுமதி எதுவும் வேண்டாம்” என்றார்.

அதன் பிறகு பட்டியலுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். பட்டியலில் இருந்து எந்த ஒரு வரியை மட்டும் தனியே எடுத்து ஒருவரிடம் கொடுத்தாலும், அதை அப்படியே பின்பற்றுவதால் அவருக்குத் தீங்கு வரக் கூடாது. இந்தச் சோதனையில் தோற்கும் வரி பட்டியலில் இருக்கத் தகாது. அது நிபந்தனையோடு சேர்ந்து பத்தியாக வேண்டும், அல்லது தனித் தலைப்பு பெற வேண்டும்.

மருந்து பற்றிய செய்தி தனித் தலைப்பாயிற்று. பட்டியலுக்கு மேலே, அதே பகுதிக்குள் வைத்தோம்:

> இன்சுலின், நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு
>
> உண்ணாமல் மருந்து எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். சோதனை நாளன்று மருந்தை எப்போது எடுப்பது என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இங்கே ஆபத்து முதலில் வருகிறது, செய்ய வேண்டியது பிறகு வருகிறது. மற்றப் பத்திகளில் நாங்கள் வைத்த ஒழுங்குக்கு இது நேர் எதிர். நிற்க வைக்க வேண்டிய இடத்தில் காரணம்தான் நிற்க வைக்கிறது என்பதால் தெரிந்தே அப்படி எழுதினோம். மற்ற மருந்துகளுக்கு, மருத்துவர் விருப்பப்படி, “பிற மருந்துகள்: உங்கள் மருத்துவர் சொன்னபடி” என்ற ஒரு வரி மட்டும் பட்டியலில் நின்றது. தனியாக எடுத்தாலும் அது தீங்கு செய்யாது.

சிறுநீர் மாதிரி எடுக்கும் முறை வேறு வகை. அங்கே வரிசைதான் உயிர். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். எனவே புள்ளிப் பட்டியலுக்குப் பதில் எண்ணிட்ட பட்டியல் வைத்தோம். பழைய பத்தியில் “குப்பியின் உட்புறத்தைத் தொட வேண்டாம்” என்ற எச்சரிக்கை கடைசி வாக்கியமாக இருந்தது. படித்துக்கொண்டே செய்பவர் அதை எட்டும்போது குப்பியை ஏற்கெனவே தொட்டிருப்பார். புதிய பட்டியலில் மூடியைத் திறக்கும் படியிலேயே அதைச் சேர்த்தோம்.

## வெளியிடுவதற்கு முன் செய்த சரிபார்ப்பு

மூன்று வழிகளில் பக்கத்தைப் பார்த்தோம். முதலில் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தைப் பார்க்காத வரவேற்பு ஊழியர் ஒருவரிடம் கொடுத்தோம். அதை மட்டும் வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேட்பவருக்குப் பதில் சொல்ல முடிகிறதா என்று பார்த்தோம். பெரும்பாலும் முடிந்தது. முடியாத இரண்டு தலைப்புகளைத் திருத்தினோம்.

அடுத்து, சிறிய கைப்பேசித் திரையில் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு சொற்களை மட்டும் படித்தோம். “மேலும்”, “இவ்வாறு”, “பொதுவாக” என்று தொடங்கிய வரிகள் எல்லாம் அப்போது அகப்பட்டன. அவற்றின் இடத்தில் பொருள் உள்ள சொற்களை முன்னால் நகர்த்தினோம். எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் முதியவர்களின் கைப்பேசியில் வரி மடிவது மாறும். அங்கும் பார்த்தோம்.

மூன்றாவதாக, பழைய பக்கத்துக்குச் செய்த அதே கேள்விச் சோதனை, வேறு ஆட்களோடு. `PPBS` சீட்டு பெற்றவர்கள் இப்போது தங்கள் பகுதியில் நின்றார்கள். இரண்டு சர்க்கரைச் சோதனைகளும் ஒரே சீட்டில் எழுதப்பட்டவர்கள் மட்டும் தடுமாறினார்கள். ஒரு தலைப்பு தண்ணீர் மட்டும் என்கிறது, மற்றொன்று உண்ட பின் வரச் சொல்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? அவர்களுக்காக “இரண்டும் எழுதியிருந்தால்” என்ற தலைப்பைச் சேர்த்து, எண்ணிட்ட நான்கு படிகளில் காலை நேர ஒழுங்கைச் சொன்னோம்: உண்ணாமல் வந்து முதல் மாதிரி கொடுங்கள், பிறகு உண்ணுங்கள், உண்ணத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து 2 மணி நேரத்தில் இரண்டாம் மாதிரி கொடுங்கள். சோதனைவாரியாகப் பிரித்ததால் உண்டான இடைவெளி இது. பழைய நீண்ட பத்தியில் இது விளக்கப்பட்டிருந்தது.

## விளைவு

பக்கம் வெளியான பின் வரவேற்பு மேசையின் பதிவேட்டைத் தொடர்ந்து பார்த்தோம். தயாரிப்பில்லாமல் வந்து திரும்பிப் போவது முன்பு ஏறத்தாழ நாள்தோறும் நடந்தது. இப்போது எப்போதாவது நடக்கிறது. அதே காலத்தில் குறுஞ்செய்தி அனுப்பும் நேரத்தையும் கூடம் முந்தைய மாலைக்கு மாற்றியது. ஆகவே மாற்றம் முழுவதும் எழுத்தால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தேவையில்லாமல் பட்டினியாக வருவது குறைந்ததற்கு மட்டும் தலைப்புகளே காரணம் என்று நம்புகிறேன். “வழக்கம்போல் உண்டு வரலாம்” என்ற சொற்கள் பழைய பக்கத்தில் எங்கும் இல்லை.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மக்கள் தங்களுக்கு உரிய பகுதியை மட்டும் கைப்பேசித் திரையிலிருந்தே படம் பிடித்து வீட்டில் உள்ள முதியவருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அதில் பக்கத்தின் பெயரோ மற்றப் பகுதிகளோ இருப்பதில்லை. சோதனையின் பெயரும் செய்ய வேண்டியதும் தலைப்பிலேயே இருந்ததால் அந்தத் துண்டுப் படம் தனியாகவே பயன்பட்டது. ஆனால் சிலர் எடுத்த படத்தில் மருந்து பற்றிய பெட்டி வெட்டுப்பட்டிருந்தது. அதைப் பார்த்த பின், நீரிழிவு பற்றிய பகுதிகளில் அந்தப் பெட்டியைத் தலைப்புக்கு நேர் கீழே, இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்தோம்.

பக்கம் பழைய நிலைக்குத் திரும்பும் அறிகுறியும் தெரிந்தது. புதிய சோதனை ஒன்றைச் சேர்த்தபோது யாரோ அதன் குறிப்பை “முக்கிய அறிவிப்பு” என்ற தலைப்பில் பக்கத்தின் உச்சியில் வைத்துவிட்டார்கள். அதைச் சரிசெய்ததோடு, தலைப்பு எழுதும் முறையையும் பட்டியல் விதியையும் பக்கத்தைத் திருத்தும் ஊழியர்களுக்கு ஒரு சிறு குறிப்பாக எழுதிக் கொடுத்தோம்.

## மீண்டும் செய்தால் மாற்றக்கூடியவை

திரைவாசிப்பு மென்பொருள் பயன்படுத்தும் ஒருவரை முதல் நாளிலேயே அழைத்திருக்கலாம். அவர் கடைசிச் சுற்றில்தான் பார்த்தார். தலைப்புகள் அவருக்கு உதவின. சுருக்கப் பெயர்களை மென்பொருள் எழுத்தெழுத்தாகப் படித்ததால் தலைப்புகள் காதுக்கு நீண்டுவிட்டன. சுருக்கப் பெயரைத் தலைப்பின் இறுதிக்கு நகர்த்தலாமா என்று இப்போது யோசித்துவருகிறோம். அப்படிச் செய்தால் சீட்டின் எழுத்துகளைக் கண்ணால் தேடுபவருக்கு அது பின்னால் போய்விடும். இரு தரப்பினரையும் வைத்துச் சோதித்த பிறகே முடிவு செய்வோம்.

பட்டியல் வரைவுகளை மருத்துவரிடம் காட்டும்போது, முழுப் பக்கமாகக் காட்டியதும் சரியான முறை அல்ல. முழுதாகப் படிப்பவருக்கு விதிவிலக்கு அடுத்த வரியிலேயே தெரிகிறது. எனவே ஆபத்தான அந்த மூன்றாவது வரி அவர் கண்ணுக்கும் பிழையாகப் படவில்லை. இப்போது ஒவ்வொரு வரியையும் தனித்தனித் துண்டுச் சீட்டில் அச்சிட்டு, கலைத்து, ஒவ்வொன்றாகக் கொடுக்கிறோம். இந்த ஒரு வரியை மட்டும் பார்த்து ஒருவர் நடந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்கிறார்.

குறுஞ்செய்தியையும் பக்கத்தோடு சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். இணைப்பை மட்டும் தாங்கிவந்த அந்தச் செய்தி, முன்பதிவு செய்த சோதனையின் தலைப்பு வரியை அப்படியே தாங்கி வரலாம். கூடத்தின் முன்பதிவு மென்பொருளில் அதற்கு இடம் இருக்கிறது. அடுத்த கட்டமாக அந்த வேலை தொடங்கியிருக்கிறது.